லாபம் இருக்கிறது, பணம் எங்கே?

சென்ற செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வானொலி நிலையத்திலிருந்து நேராகத் தேக்காவுக்குப் போனேன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் சித்தப்பாவின் ஜவுளிக்கடை இருக்கிறது. தீபாவளிச் சரக்கு வந்து இறங்கியிருந்ததால் மாடிப்படியில்கூட அட்டைப்பெட்டிகள். அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு சித்தப்பாவும் பெரியப்பா மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். பெரியப்பா இறந்த பிறகு கடையில் அவருக்கு இருந்த 20 விழுக்காட்டுப் பங்கு தம்பியின் பெயருக்கு வந்தது. கல்யாணமாகி இரண்டு வருடமாகிறது. மறுவிற்பனை வீவக வீடு ஒன்றைப் பார்த்து, விற்பவரிடம் ஆயிரம் வெள்ளி கட்டி விருப்புரிமைப் பத்திரமும் வாங்கிவிட்டான். முன்பணத்துக்கும் புதுப்பிப்பு வேலைக்கும் அவன் நம்பியிருந்தது கடையை. காரணம், அவன் கையில் இருந்த ஆண்டுக் கணக்கின் வரைவு. அதில் ஒரு வரி: தக்கவைத்த லாபம், 420,000 வெள்ளி. ஆங்கிலத்தில் ரீட்டெய்ன்ட் எர்னிங்ஸ் என்பார்களே, அது.

"நாலு லட்சத்து இருபதாயிரம் சேர்ந்திருக்கு சித்தப்பா. இருபது விழுக்காடுன்னா எண்பத்து நாலாயிரம். என் பங்கைத்தானே கேக்குறேன்?"

"அவ்வளவு பணம் இருந்தா நான் ஏண்டா சரக்குக்காரனுக்குத் தவணை சொல்லிக்கிட்டு இருக்கேன்?"

இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் தம்பிக்குச் சித்தப்பா எதையோ மறைக்கிறார் என்ற எண்ணம். சித்தப்பாவுக்கோ, அண்ணன் மகன் தன்னைத் திருடனாகப் பார்க்கிறானே என்ற வருத்தம். நான் படித்தது ஊடகத்துறை. அந்த வரியைப் பார்த்தபோது எனக்கும் தம்பி சொல்வதுதான் சரி என்று பட்டது. நல்லவேளையாக, கடைக்குக் கணக்கு எழுதும் அக்காவைச் சித்தப்பா வரச் சொல்லியிருந்தார். அன்று அவர் இரண்டு மணி நேரம் விளக்கியதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். குடும்ப விவகாரம் என்பதால் எண்களை மாற்றி, எளிமையாக்கித் தருகிறேன். கணக்கின் போக்கு அப்படியே இருக்கும்.

கணக்காளர் அக்கா முதலில் அந்த 420,000 எப்படி வந்தது என்று காட்டினார். கடை தனியார் நிறுவனமாகப் பதிவாகிப் பத்து வருடம் ஆகிறது. இந்தப் பத்து வருடத்தில் வரி போக வந்த லாபம் மொத்தம் 520,000 வெள்ளி. அதிலிருந்து பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையாகக் கொடுத்தது 100,000. மீதி 420,000. அவ்வளவுதான். தக்கவைத்த லாபம் என்பது, நிறுவனம் தொடங்கிய நாள் முதல் ஈட்டிய லாபத்தையெல்லாம் கூட்டி, நஷ்டத்தையும் பங்குதாரர்களுக்குக் கொடுத்ததையும் கழித்து வரும் எண். பத்து வருடக் கதையின் கூட்டுத்தொகை. இன்று பெட்டியில் என்ன இருக்கிறது என்று அது சொல்லவில்லை.

"உங்க அப்பா முப்பது வருஷத்துல எவ்வளவு சேமிச்சிருப்பார்?" என்று அக்கா என்னிடம் கேட்டார். வீட்டுக் கடன் அடைத்ததையும் சேர்த்தால் மூன்று லட்சம் இருக்கும் என்றேன். "அந்த மூணு லட்சத்தை நாளைக்கு எடுத்துட்டு வரச் சொல்லுங்க பார்ப்போம்" என்றார். எங்கிருந்து எடுப்பார்? அது ஈசூனில் நாங்கள் குடியிருக்கும் வீடாக நிற்கிறது. அப்பா சேமித்தது பொய்யில்லை. ஆனால் அந்தச் சேமிப்பு இப்போது பணமாக இல்லை.

பிறகு அவர் இருப்புநிலைக் குறிப்பைத் திறந்தார். பேலன்ஸ் ஷீட் என்று நாம் சொல்வது. அதில் இரண்டு பாதிகள் உண்டு. ஒரு பாதி, நிறுவனத்திடம் என்னென்ன இருக்கிறது என்று சொல்கிறது. இன்னொரு பாதி, அவையெல்லாம் யாருடைய பணத்தில் வந்தவை என்று சொல்கிறது. இரண்டின் கூட்டுத்தொகையும் எப்போதும் சமமாக இருக்கும். தம்பி பார்த்த வரி இரண்டாவது பாதியில் இருக்கிறது. "எங்கே இருக்கு" என்ற கேள்விக்கான பதிலை அவன் "யாருடையது" என்ற பகுதியில் தேடிக்கொண்டிருந்தான்.

யாருடைய பணம் என்ற பக்கத்தில் இருந்தவை இவை. சரக்கு அனுப்பியவர்களுக்குத் தர வேண்டியது 52,000 வெள்ளி. வங்கிக் கடன் 30,000. கட்ட வேண்டிய வரி 6,000. பங்குதாரர்கள் தொடக்கத்தில் போட்ட முதல் 100,000. தக்கவைத்த லாபம் 420,000. மொத்தம் 608,000.

இப்போது அடுத்த பக்கம். அந்த 608,000 வெள்ளி எந்த உருவத்தில் இருக்கிறது? சரக்காக 310,000. கடனுக்கு வாங்கிப் போனவர்களிடமிருந்து வர வேண்டியது 95,000. கடை அலங்காரம், அலமாரிகள், வேன் எல்லாம் தேய்மானம் போக 120,000. கடை வாடகைக்கான முன்வைப்புத் தொகை 45,000. வங்கியில் 38,000.

தம்பி அந்தக் கடைசி எண்ணை இரண்டு முறை படித்தான். முப்பத்தெட்டாயிரம். கடைக்கு வாடகையும் சம்பளமும் சேர்ந்து மாதம் 24,000 வெள்ளி ஆகிறது. அதாவது, ஒன்றரை மாதச் செலவுக்கான பணம்தான் கையில் இருந்தது.

"அப்ப என் எண்பத்து நாலாயிரம்?"

சித்தப்பா படிக்கட்டில் அடுக்கியிருந்த பெட்டிகளைக் கையால் காட்டினார். "அதோ இருக்கு. எண்ணிக்கோ."

நக்கலாகத்தான் சொன்னார். ஆனால் கணக்குப்படி அதுதான் சரியான பதில்.

ஒரு வருடத்தில் லாபம் எப்படிச் சரக்காக மாறுகிறது என்பதையும் அக்கா காட்டினார். கடையின் கணக்கு ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி முடிகிறது. முடிந்த ஆண்டின் லாபம் 60,000 வெள்ளி. ஆனால் வங்கி இருப்பு அந்த வருடத்தில் 36,000த்திலிருந்து 38,000 ஆனது. இரண்டாயிரம்தான் கூடியிருக்கிறது. மீதி 58,000 எங்கே போனது?

அறுபதாயிரத்திலிருந்து தொடங்குங்கள். லாபத்தைக் கணக்கிடும்போது அலமாரிக்கும் வேனுக்கும் தேய்மானம் என்று 18,000 வெள்ளி கழித்திருந்தார்கள். அந்தப் பணம் இந்த வருடம் யாருக்கும் போகவில்லை. வேன் வாங்கியபோதே போய்விட்டது. ஆகவே அதைத் திரும்பக் கூட்ட வேண்டும். இப்போது 78,000. சென்ற வருட ஆகஸ்டைவிட இந்த வருட ஆகஸ்டில் சரக்கு 35,000 அதிகம். சித்தப்பா இந்த முறை பட்டுச் சேலைகளைக் கூடுதலாக இறக்கியிருந்தார். வாங்கிய சரக்கு விற்கும்வரை செலவாகக் கணக்கில் வராது. அதனால் லாபம் குறையாது. பணம் மட்டும் குறையும். மீதி 43,000. கடனுக்கு விற்ற வகையில் வர வேண்டிய பாக்கி 20,000 கூடியிருந்தது. நடனக் குழுக்களும் சில சங்கங்களும் மொத்தமாகத் துணி எடுத்துவிட்டுப் பிறகு தருகிறோம் என்றவை. பில் போட்ட அன்றே அது விற்பனை, அன்றே லாபம். பணம் வந்தால்தான் பணம். மீதி 23,000. சரக்குக்காரர்களுக்குத் தர வேண்டியதில் சித்தப்பா கூடுதலாகத் தவணை வாங்கியது 6,000. அந்த அளவுக்குப் பணம் கையில் தங்கியது. ஆக 29,000.

இந்த 29,000தான் அந்த வருடம் வியாபாரத்திலிருந்து உண்மையில் கைக்கு வந்த பணம். லாபம் 60,000, வந்த பணம் அதில் பாதிகூட இல்லை. அந்த 29,000த்தில் புது அலமாரிகளுக்கு 15,000, வங்கிக் கடன் தவணைக்கு 12,000 போனது. மிஞ்சியது 2,000.

இத்தனைக்கும் யாரும் தவறு செய்யவில்லை. லாபம் 60,000 என்பதும் உண்மை, பணம் 2,000 கூடியது என்பதும் உண்மை. பத்து வருடம் இப்படியே ஓடினால், லாபத்தின் கூட்டுத்தொகை ஒரு பக்கம் நான்கு லட்சமாக வளர்ந்து நிற்கும். பணம் துணியாகவும் அலமாரியாகவும் அடுத்தவர் பாக்கியாகவும் உருமாறிக்கொண்டே இருக்கும்.

தம்பி விடவில்லை. "வங்கியில கடன் வாங்கியாவது ஈவுத்தொகை தர முடியாதா? லாபம் இருக்குல்ல?"

நல்ல கேள்வி. சிங்கப்பூரின் நிறுவனச் சட்டம் 403வது பிரிவில், லாபத்திலிருந்து மட்டுமே ஈவுத்தொகை தரலாம் என்கிறது. லாபம் இல்லை என்று தெரிந்தே கொடுத்தால் இயக்குநர்கள் மாட்டிக்கொள்வார்கள். தக்கவைத்த லாபம் முக்கியமாவது இங்கேதான். எவ்வளவு வரை தர அனுமதி உண்டு என்று அது சொல்கிறது. அனுமதி இருப்பதாலேயே பணம் இருக்கிறது என்று ஆகாது. காரோட்டும் உரிமம் இருந்தால் வாசலில் கார் நிற்கும் என்று அர்த்தமா? சட்டப்படி பார்த்தால், கடன் வாங்கியும் ஈவுத்தொகை தரலாம். ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஈவுத்தொகையை ஒருவருக்கு மட்டும் கொடுக்க முடியாது. ஒரே வகைப் பங்கு என்றால் ஒவ்வொரு பங்குக்கும் ஒரே தொகை. தம்பிக்கு 84,000 போக வேண்டுமானால் எல்லாருக்குமாகச் சேர்த்து 420,000 வெளியே போக வேண்டும். பழைய வங்கிக் கடனே இன்னும் 30,000 பாக்கி நிற்கும் ஒரு கடைக்கு அவ்வளவு கடன் எந்த வங்கி தரும்? தந்தாலும் வட்டியை யார் கட்டுவது?

"எல்லாத்தையும் வித்துட்டா?" என்றான் கடைசியாக. அப்போதும் அந்த எண் கிடைக்காது. மூடும் கடையின் சரக்கை யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்கள். அலமாரியைக் கழற்றி எடுத்துப்போக ஆளுக்குக் கூலி தர வேண்டியிருக்கும். தக்கவைத்த லாபம், கடை தொடர்ந்து நடக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கும் எண்.

இது சின்னக் கடையின் கதை என்று நினைக்க வேண்டாம். இதே குழப்பம் பெரிய அளவில் நடந்தது இந்த ஊரில்தான்.

ஹைஃபிளக்ஸ் நிறுவனத்தை நினைவிருக்கிறதா? ஒலிவியா லம் 1989ல் தொடங்கிய தண்ணீர் நிறுவனம். 2001ல் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தைக்கு வந்தது. நாட்டின் முதல் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையை 2005ல் துவாஸில் திறந்தது. அடுத்து 2013ல், அதே துவாஸில், இன்னும் பெரிதாக துவாஸ்பிரிங் ஆலை. நாளுக்கு 70 மில்லியன் கேலன் நீர் தரும் ஆலை. கூடவே ஒரு மின்நிலையம். நீரைப் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு 25 ஆண்டுகள் விற்க ஒப்பந்தம்.

பங்குச் சந்தைக்கு வந்ததிலிருந்து 2016 வரை அந்த நிறுவனம் முழு ஆண்டு நஷ்டம் காட்டியதே இல்லை. முதல் நஷ்டம் 2017ல்தான், ஏறக்குறைய 116 மில்லியன் வெள்ளி. அடுத்த ஆண்டு, 2018 மே மாதம், கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. அப்போது அதன் முன்னுரிமைப் பங்குகளிலும் நிரந்தரக் கடன்பத்திரங்களிலும் ஏறத்தாழ 34,000 சாதாரண முதலீட்டாளர்கள் சுமார் 900 மில்லியன் வெள்ளி போட்டிருந்தார்கள். அவர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள். வருடத்துக்கு 6 விழுக்காடு கிடைக்கும் என்று ஏடிஎம் இயந்திரத்திலேயே விண்ணப்பித்து வாங்கியவர்களும் உண்டு.

வருடா வருடம் லாபம் காட்டிய நிறுவனத்துக்குப் பணம் எப்படி இல்லாமல் போகும்? சித்தப்பா கடையை மனத்தில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். ஓர் ஆலையைக் கட்டி, பல ஆண்டுகள் நடத்தி, அதன் சேவையை அரசாங்க அமைப்புக்கு விற்கும் ஒப்பந்தங்களுக்குத் தனிக் கணக்கியல் விதி உண்டு. ஆலையைக் கட்டும் வேலையையும் ஒரு சேவையாகக் கருதி, கட்டக் கட்ட வருமானத்தையும் லாபத்தையும் கணக்கில் எழுத அந்த விதி இடம் தருகிறது. எதிர்ப்பக்கத்தில், எதிர்காலத்தில் வர வேண்டிய தொகையோ நீரை விற்கும் உரிமையோ ஒரு சொத்தாக ஏறும். விதிப்படி அது சரிதான். ஆனால் கட்டும்போது சிமெண்டுக்கும் குழாய்க்கும் சம்பளத்துக்கும் பணம் இன்றே போகிறது. நீர் விற்ற பணம் 25 ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். லாபம் இன்று, பணம் பிறகு.

அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளில் இது மறைவாக இருக்கவில்லை. பல ஆண்டுகள் அதன் செயல்பாடுகளிலிருந்து வந்த பணம் எதிர்மறையாகவே இருந்தது. அதாவது, வந்ததைவிடப் போனது அதிகம். லாபம் என்ற வரியையும் தக்கவைத்த லாபம் என்ற வரியையும் பார்த்தவர்களுக்கு நிறுவனம் திடமாகத் தெரிந்தது. பணப்புழக்க அறிக்கை என்ற பக்கத்தைத் திருப்பியவர்களுக்கு வேறு படம் தெரிந்தது.

இடைவெளியை நிரப்பியது கடனும் முதலீட்டாளர் பணமும். 2011ல் 400 மில்லியன் வெள்ளிக்கு முன்னுரிமைப் பங்குகள், 2016ல் 500 மில்லியனுக்கு நிரந்தரக் கடன்பத்திரங்கள், இரண்டும் 6 விழுக்காட்டுக்கு. வருடத்துக்கு 54 மில்லியன் வெள்ளி. இதைக் கணக்கியல் லாபத்தால் கொடுக்க முடியாது. வங்கிக் கணக்கில் ஏறும் நிஜப் பணத்தால்தான் கொடுக்க முடியும்.

பிறகு மின்சார விலை விழுந்தது. துவாஸ்பிரிங் மின்நிலையம் எதிர்பார்த்த வருமானத்தைத் தரவில்லை. வருங்கால வருமானத்தை நம்பி எழுதிய சொத்தின் மதிப்பு, அந்த வருமானம் குறைந்ததும் குறைந்தது. 2019 மே மாதம் பொதுப் பயனீட்டுக் கழகம் அந்தக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையை எடுத்துக்கொண்டது. அதற்குக் கொடுத்த விலை பூஜ்ஜியம் வெள்ளி. 2021 ஜூலையில் ஹைஃபிளக்ஸைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. இதையொட்டி வந்த வழக்குகள் தனிக் கதை. நமக்கு இங்கே வேண்டியது இந்த ஒரு பாடம். தக்கவைத்த லாபத்தின் எதிர்ப்பக்கத்தில் என்ன நிற்கிறதோ, அதன் தரம்தான் அந்த லாபத்தின் தரம்.

இந்த இடத்தில் கணக்காளர் அக்கா சொன்ன இன்னொன்று எனக்குப் புதிதாக இருந்தது. சித்தப்பாவின் சரக்கில் 40,000 வெள்ளி மதிப்புள்ளவை பழைய டிசைன் சேலைகள், இனி விற்காது என்று முடிவு செய்கிறார் என்று வையுங்கள். அன்று கணக்கில் சரக்கு 40,000 குறையும், தக்கவைத்த லாபமும் 420,000த்திலிருந்து 380,000 ஆகும். வங்கியிலிருந்து ஒரு காசும் வெளியே போகாது. பணக் குவியலாக இருந்தால் இப்படி ஒரே நாளில் பேனா முனையில் கரையுமா? அந்த நாற்பதாயிரம், சேலை வாங்கிய அன்றே பணமாகப் போய்விட்டது. நாம் ஒப்புக்கொண்டது மட்டும் இன்று.

நேர்மாறாகவும் நடக்கும். துணைப்பாட நிலையம், உடற்பயிற்சிக்கூடம் போன்றவை ஒரு வருடக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும். வங்கியில் பணம் நிறைய இருக்கும். ஆனால் வகுப்பு நடத்தி முடிக்கும்வரை அது வருமானம் ஆகாது. உறுப்பினர்களுக்குப் பட்டிருக்கும் கடன். வருடக்கணக்கில் நஷ்டத்தில் ஓடித் தக்கவைத்த லாபம் எதிர்மறையாக இருக்கும் நிறுவனமும் முன்பணத்தை வைத்துச் செழிப்பாகத் தெரியலாம். பணமில்லாத லாபம் ஒரு பக்கம், லாபமில்லாத பணம் இன்னொரு பக்கம்.

சரி, வேறொருவர் கணக்கு நம் கைக்கு வந்தால் எதைப் பார்ப்பது? பங்கு வாங்க நினைக்கும் நிறுவனமாக இருக்கலாம், கூட்டுச் சேரச் சொல்லி நண்பர் நீட்டும் கணக்காக இருக்கலாம். அக்கா மூன்று இடங்களைக் காட்டினார். முதலில், இருப்புநிலைக் குறிப்பின் சொத்துப் பக்கத்தில் ரொக்கமும் வங்கி இருப்பும் என்ற வரி. பணம் எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் அங்கே மட்டும்தான் உண்டு. அதைப் பக்கத்திலேயே இருக்கும் கடனோடும் மாதச் செலவோடும் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, பணப்புழக்க அறிக்கையில் செயல்பாடுகளிலிருந்து வந்த நிகரப் பணம் என்ற வரி. ஒரு வருடத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். வளரும் கடைக்குச் சரக்கும் பாக்கியும் கூடத்தான் செய்யும். அந்த வருடம் லாபத்தைவிடப் பணம் குறைவாக வருவது குற்றமில்லை. ஐந்து வருட லாபத்தைக் கூட்டுங்கள். அதே ஐந்து வருடம் செயல்பாடுகளிலிருந்து வந்த பணத்தையும் கூட்டுங்கள். தேய்மானம் லாபத்தை மட்டும் குறைப்பதால், நிலைபெற்ற வியாபாரத்தில் இரண்டாவது எண் பொதுவாகப் பெரிதாக இருக்க வேண்டும். ஐந்து வருடமாகியும் அது மிகச் சிறிதாக இருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

மூன்றாவது, அந்த இடைவெளி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. விற்பனை 10 விழுக்காடு கூடும்போது சரக்கும் பாக்கியும் அதே அளவில் கூடினால் அது வளர்ச்சி. விற்பனை அப்படியே இருக்க, சரக்கும் பாக்கியும் மட்டும் வருடா வருடம் பெருத்தால், விற்காத துணியையும் வராத பணத்தையும் லாபம் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

இன்னும் ஒரு சின்ன எச்சரிக்கை. இருப்புநிலைக் குறிப்பு ஒரு நாளின் புகைப்படம். சித்தப்பாவின் கணக்கு ஆகஸ்டு 31ல் எடுத்த படம், அதனால் சரக்கு நிறைந்து பணம் மெலிந்திருந்தது. தீபாவளிக்கு மறுநாள் எடுத்திருந்தால் வங்கியில் பணம் கொழித்திருக்கும், அலமாரி காலியாகத் தெரிந்திருக்கும். இரண்டு நாளிலும் தக்கவைத்த லாபம் ஏறத்தாழ ஒன்றுதான்; அந்தப் பருவத்தில் வந்த லாபம் மட்டும் அதில் கூடியிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். தம்பி அந்த வீட்டை விட்டுவிட்டான். ஆயிரம் வெள்ளியும் போனது. சித்தப்பாவும் கொஞ்சம் இறங்கி வந்தார். பத்து வருடத்தில் எவ்வளவு தரலாம், எப்போது தரலாம் என்று பங்குதாரர்களிடம் உட்கார்ந்து பேசியதே இல்லை என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். தீபாவளி விற்பனை முடிந்து, சரக்குக்காரர்களுக்குக் கொடுத்தது போக, பாக்கியிலும் பாதி வசூலான பிறகு, டிசம்பரில் 50,000 வெள்ளி ஈவுத்தொகை அறிவித்தார்கள். தம்பி கைக்கு வந்தது 10,000. இப்போது ஐந்தறை வீட்டுக்குப் பதில் நாலறை வீடு பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பொங்கலன்று எல்லாரும் சித்தப்பா வீட்டில் கூடியிருந்தோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்த தம்பி, சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான்.

"சித்தப்பா, மேல்மாடிச் சரக்குல ரெண்டு வருஷத்துக்கு மேல விக்காம கிடக்குறது எவ்வளவு?"

சித்தப்பா உடனே பதில் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வா. ரெண்டு பேருமா எண்ணுவோம்."